முழங்கையில் வெள்ளிச் செதில்: ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள்

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். மகனுக்கு 42 வயது, பைக் மெக்கானிக். இரண்டு முழங்கை நுனியிலும் இரண்டு முழங்கால் முட்டியிலும் தோல் தடித்துப்போய், மேலே வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு நிற்கிறது. காலையில் பாயைச் சுருட்டும்போது தூள் கொட்டுகிறது. அம்மாவுக்கு 68 வயது. அவருக்கு இரண்டு கணைக்காலிலும் தோல் வறண்டு, மெல்லிய செதில் எழும்பி, அரிப்பு தாங்காமல் இரவெல்லாம் கட்டில் சட்டத்தில் காலைத் தேய்க்கிறார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "அம்மாவோட உடம்புவாகு, அப்படியே பிள்ளைக்கு வந்திருக்கு." மருந்துக்கடையில் வாங்கிய ஒரே டியூப்பை இருவரும் போட்டுக்கொள்கிறார்கள்.

இருவருக்கும் இருப்பது வேறு வேறு நோய். மகனுக்கு சொரியாசிஸ். அம்மாவுக்கு வறட்சியால் வரும் எக்ஸிமா. ஊர்ப் பேச்சில் கரப்பான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிற கூட்டத்தில் ஒன்று. இரண்டிலும் தோல் வறண்டு தெரிகிறது, செதில் உதிர்கிறது, அரிக்கிறது. அதனால்தான் குழப்பம். ஆனால் சொரியாசிஸில் தோல் அவசரப்படுகிறது, எக்ஸிமாவில் தோல் ஒழுகுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நம் மேல்தோல் அடியிலிருந்து மேலே வளர்கிறது. அடி வரிசையில் புதிதாகப் பிறக்கும் செல், மெல்ல மேலே நகர்ந்து, தட்டையாகி, உள்ளிருக்கும் உட்கருவை இழந்து, உயிரற்ற மெல்லிய தகடாக மேற்பரப்பை அடைந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துவிடும். இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. சொரியாசிஸ் உள்ள இடத்தில் அதே பயணம் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் காரணமில்லாமல் கிளர்ந்தெழுந்து, இன்டர்லூகின் 17 முதலான வேதித் தூதுகளை அனுப்பி, தோல் செல்களைப் பெருகு பெருகு என்று விரட்டுகின்றன. பரம்பரையாக வரும் சாய்வு ஒன்று பலரிடம் இருக்கிறது. அதன் மேல் தொண்டைத் தொற்றோ, மனவுளைச்சலோ, ஏதாவதொரு மருந்தோ தூண்டுதலாக அமைகிறது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அந்த மெக்கானிக்கின் துண்டை வேறொருவர் எடுத்துத் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது.

அவசரமாக மேலே வந்து சேரும் செல்கள் பக்குவப்படாதவை. உட்கருவைக்கூட இழக்காமல் வந்துவிடுகின்றன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒழுங்காக உதிராமல், அடுக்கடுக்காகச் சேர்கின்றன. அந்த அடுக்குகளுக்கு நடுவே காற்று புகுந்துகொள்கிறது. தகடு, காற்று, தகடு, காற்று என்று மாறி மாறி இருப்பதால் மேலே படும் வெளிச்சம் பல முறை சிதறித் திரும்புகிறது. அதுதான் வெள்ளி மினுமினுப்பு. செதிலுக்கென்று தனி நிறம் எதுவும் கிடையாது.

இதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய ஒரு செய்தி கிடைக்கிறது. செதிலின் மேல் எண்ணெய் பட்டால் அந்தக் காற்று வெளியேறி, இடைவெளியை எண்ணெய் நிரப்பிவிடும். வெளிச்சம் சிதறாது, வெள்ளி மறைந்துவிடும். தோல் டாக்டரிடம் போவதற்கு முன் நம் வீடுகளில் என்ன செய்வோம்? நன்றாகக் குளித்து, தேங்காய் எண்ணெய் தடவி, பார்க்க அழகாக்கி அனுப்புவோம். நம் மெக்கானிக்கும் அப்படித்தான் போகிறார்.

"இன்னைக்குக் காலைல எண்ணெய் போட்டீங்களா?"

"ஆமாங்க டாக்டர். வெள்ளை வெள்ளையா இருந்தா உங்களுக்கே பார்க்க ஒரு மாதிரி இருக்குமேன்னு அம்மாதான் தேய்ச்சு அனுப்புனாங்க."

"அடுத்த தடவை அப்படியே வாங்க. நான் பார்க்க வேண்டியதே அந்த வெள்ளையைத்தான்."

பார்க்கப் போகிற அன்று எண்ணெயும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். உரசித் தேய்த்துக் குளித்துச் செதிலை எடுக்கவும் வேண்டாம். பல பேருக்கு நோய் தள்ளிப் போவது இந்தச் சின்னக் காரியத்தால்தான்.

எண்ணெய் தடவி வந்தாலும் நல்ல டாக்டருக்கு வழி உண்டு. மழுங்கிய விளிம்புள்ள கண்ணாடித் தகட்டால் செதிலை மெதுவாகச் சுரண்டுவார். மறைந்த வெள்ளை, சுரண்டச் சுரண்ட மறுபடி தெளிந்து, மெழுகை நகத்தால் கீறினால் வருவது போல் பொடியாக எழும். இன்னும் சுரண்டினால் ஈரமான மெல்லிய சவ்வு ஒன்று உரிந்து வரும். அதற்கும் அடியில் ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள் ஆங்காங்கே பூக்கும். வியன்னாவில் வாழ்ந்த ஹைன்ரிஷ் ஆஸ்பிட்ஸ் என்ற தோல் மருத்துவரின் பெயரால் இதை ஆஸ்பிட்ஸ் அறிகுறி என்பார்கள். அவருக்கு முன்பே மற்றவர்கள் இதைக் கவனித்திருந்தார்கள். பெயர் மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ரத்தம் ஏன் புள்ளி புள்ளியாக வருகிறது என்றால், சொரியாசிஸ் உள்ள தோலில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருண்டு நிமிர்ந்து மேற்பரப்புக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. அவற்றின் மேலிருக்கும் தோலோ மெலிந்திருக்கிறது. செதில் போனதும் குழாயின் நுனி திறந்துகொள்கிறது.

இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது. சுரண்டுவது சொரியாசிஸுக்குத் தீனி போடுவது. 1870களில் ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டு சொன்னது இது: சொரியாசிஸ் உள்ளவருக்குக் காயம் பட்ட இடத்திலும், கீறல் விழுந்த கோட்டிலும், பச்சை குத்திய இடத்திலும் புதிதாக சொரியாசிஸ் முளைக்கும். பெரும்பாலும் 10 முதல் 20 நாளுக்குள் வந்துவிடும். முழங்கையும் முழங்காலும் இந்நோய்க்கு ஏன் இவ்வளவு பிடித்தமான இடங்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. மேசையில் ஊன்றுவதும் தரையில் மண்டியிடுவதும் அந்த இடங்களுக்கு ஓயாத சின்னச் சின்னக் காயம். நம் மெக்கானிக் சிமெண்டுத் தரையில் ஒரு முட்டியை ஊன்றித்தான் செயினைக் கழற்றுகிறார். அவரது வலது முட்டியில் தடிப்பு இடதைவிடப் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை. சப்பணமிட்டு உட்காரும் வழக்கம் உள்ளவர்களுக்கு வெளிக்கணுக்காலிலும் இது வருவதைக் காணலாம்.

இனி அம்மாவின் கால். அங்கே கதை வேறு. மேல்தோலின் தகடுகளுக்கு நடுவே கொழுப்புப் பொருள்கள் நிரம்பியிருந்து நீரை உள்ளே தடுத்து வைக்கின்றன. வயதாக ஆக அந்தக் கொழுப்பு குறைகிறது. சோப்பும் வெந்நீரும் மிச்சமிருப்பதையும் கழுவிக்கொண்டு போகின்றன. நீர் வெளியே கசிகிறது. வெளியிலிருந்து எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. தோல் சுருங்கிப் பிளந்து, கோடை முற்றிய ஏரிப் படுகை மாதிரி கணைக்காலில் கட்டம் கட்டமாக வெடிப்புத் தெரிகிறது. வெடிப்புக் கோடுகளில் சிவப்போ கருஞ்சிவப்போ ஓடுகிறது. குளிர்ந்த, ஈரமில்லாத காற்றில் இது மோசமாகும். மார்கழியில் அதிகாலை சுடச்சுடக் குளிக்கும் பாட்டிகளுக்கும், இரவு முழுவதும் ஏசியில் தூங்குபவர்களுக்கும் வருவது இதனால்தான். குழந்தைப் பருவத்தில் வருகிற பரம்பரை எக்ஸிமாவில் கசிவுக்கு இன்னொரு காரணமும் சேரும்: மேல்தோலைக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதம் பலருக்குப் பிறப்பிலேயே குறைவு. அந்தக் குழந்தைகளின் வீட்டில் ஆஸ்துமாவோ, காலையில் அடுக்குத் தும்மலோ உள்ளவர் ஒருவராவது பெரும்பாலும் இருப்பார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் முதலில் நம்புவது செதிலை அல்ல, ஓரத்தை. செதிலை எண்ணெய் மறைக்கும், குளியல் எடுத்துவிடும். ஓரம் அப்படி மறையாது. சொரியாசிஸ் தடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பேனாவால் வரைந்துவிடலாம். எக்ஸிமாவுக்கு அப்படி எல்லை கிடையாது. நோயுள்ள தோல் மெல்ல மெல்ல நல்ல தோலில் கரைந்துபோகும். எங்கே முடிந்தது என்று இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு இடத்தைக் காட்டுவார்கள்.

பாடப்புத்தகங்களில் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத்தோல்காரர்களுடையவை. அதில் சொரியாசிஸ் இளஞ்சிவப்பாக, பளிச்சென்று தெரியும். நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு அப்படி வராது. ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பல் படிந்த கறுப்பாகவோ தெரியும். செதிலும் வெள்ளியைவிடச் சாம்பலுக்கு நெருக்கமாக இருக்கும். போதாததற்கு, தரையில் ஊன்றி ஊன்றி நம்மில் பலருக்கு முழங்கையும் முட்டியும் இயல்பாகவே கறுத்துத் தடித்திருக்கின்றன. அதனால் கண்ணைவிட விரலை நம்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு, நல்ல தோலிலிருந்து தடிப்பை நோக்கி விரல் நுனியை மெதுவாக நகர்த்துங்கள். சொரியாசிஸ் என்றால் ஓரிடத்தில் விரல் சட்டென்று மேடேறும். எக்ஸிமா என்றால் சொரசொரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், மேடு பிடிபடாது. உரசலால் வந்த கறுப்பு என்றால் தோல் தடித்திருக்கும், சுருக்கக் கோடுகள் ஆழமாக இருக்கும், ஆனால் பொடி உதிராது.

அடுத்தது இடம். முழங்கையின் வெளிநுனி, முட்டியின் முன்பக்கம், இடுப்பின் பின்புறம், தொப்புள், தலை ஆகியவை சொரியாசிஸ் விரும்பும் இடங்கள். தலையில் வந்தால் பொடுகு மாதிரி முடிக்குள் ஒதுங்கி நிற்காமல், நெற்றி ஓரத்தில் முடிக்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு வெளியே வந்து எட்டிப் பார்க்கும். எக்ஸிமா மடிப்புகளைத் தேடும்: முழங்கை மடங்கும் உட்பக்கம், முட்டிக்குப் பின்னாலிருக்கும் குழி, கழுத்து. முதியவர்களுக்குக் கணைக்கால். ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு எக்ஸிமா முட்டியின் முன்பக்கத்திலேயே வரும், தவழ்வதால். கறுத்த தோல் உள்ளவர்களுக்கும் வெளிப்பக்கத்தில் எக்ஸிமா வருவதுண்டு. காசு வடிவில் வட்டம் வட்டமாக வருகிற ஒரு வகை எக்ஸிமாவுக்கு ஓரமும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். அதை சொரியாசிஸிலிருந்து பிரிக்க அனுபவமுள்ளவர்களே தடுமாறுவார்கள்.

அரிப்பைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு: "அரிச்சா எக்ஸிமா, அரிக்காட்டி சொரியாசிஸ்." இது தவறு. சொரியாசிஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அரிப்பு இருக்கிறது. வித்தியாசம், அரிப்பு என்ன செய்கிறது என்பதில். எக்ஸிமாவில் அரிப்புதான் முதல். தோல் மாற்றம் அதன் பின்னால் வருகிறது. சொறிந்து சொறிந்து நீர் கசியும், மஞ்சள் பொருக்குக் கட்டும், மாதக்கணக்கில் போனால் தோல் தடித்து, கோடுகள் ஆழமாகும். சொரியாசிஸ் தடிப்பு பொதுவாகக் காய்ந்தே இருக்கும். அதில் நீர் கசிந்தால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

நகத்தையும் பார்க்க வேண்டும். டாக்டர் முழங்கையைப் பார்த்த பிறகு கையைத் திருப்பச் சொன்னால் அது சும்மா இல்லை. சொரியாசிஸில் நகத்தின் மேல் ஊசியால் குத்தியது மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். நகத்தடியில் எண்ணெய்த் துளி சிந்தியது போல் மஞ்சள் பழுப்புக் கறை தெரியும். நுனியில் நகம் சதையை விட்டுத் தூக்கும். நம் மெக்கானிக் நகக்கறையை கிரீஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அவர் தொழிலில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீராத நேரங்களில் தோலில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் வட்டத்துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். ஒரு தையல் போதும். சொரியாசிஸ் என்றால் மேல்தோலின் வேர்கள் ஒரே சீராக நீண்டு தொங்கும், செதிலில் உட்கரு தெரியும். எக்ஸிமா என்றால் செல்களுக்கு நடுவே நீர் புகுந்து அவற்றை விலக்கியிருக்கும். தோல் ஒழுகுகிறது என்று முன்னே சொன்னதை அங்கே கண்ணாலேயே காணலாம். ஆனால் அந்தத் துண்டு எடுக்கும் முன் பல வாரம் ஸ்டீராய்டு களிம்பு போட்டிருந்தால் இரண்டு அடையாளமும் மங்கிப்போய்விடும்.

சொரியாசிஸோ எக்ஸிமாவோ அல்லாத இரண்டு நோய்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்று படர்தாமரை. வட்டமாக இருக்கும், ஓரம் தெளிவாக இருக்கும், ஆனால் செதிலும் அரிப்பும் ஓரத்தில்தான் அதிகம், நடுப்பகுதி தெளிந்துபோகும். சொரியாசிஸில் நடுவிலும் செதில் நிறைந்திருக்கும். செதிலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் பூஞ்சை இழை தெரிந்துவிடும். மற்றொன்று தொழுநோய். அதன் தேமலில் உணர்ச்சி குறையும், அரிப்பு இருக்காது. சொரியாசிஸையும் தொழுநோயையும் பல நூற்றாண்டுகள் ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். 1841-ல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா தெளிவாகப் பிரித்துக் காட்டினார். சொரியாசிஸ் உள்ளவரைப் பந்தியில் தள்ளி உட்காரச் சொல்லும் வழக்கத்தில் அந்தப் பழைய குழப்பம் இன்னும் உயிரோடிருக்கிறது.

இப்போது அந்த டியூப்புக்கு வருவோம். மருந்துக்கடையில் 'அரிப்புக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்டால் கையில் வந்து சேர்வது பெரும்பாலும் மூன்று மருந்து கலந்த களிம்பு: வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று. எந்த நோயானாலும் ஏதாவது ஒன்று பிடிக்கும் என்பது கணக்கு. ஸ்டீராய்டு எல்லாவற்றையும் கொஞ்ச நாள் அமுக்கும். அம்மாவின் காலில் பத்து நாளில் அரிப்பு அடங்கியது, ஆனால் வெந்நீரும் சோப்பும் மாறாததால் திரும்பி வந்தது. வீரியமான மருந்தை மெலிந்த முதிய தோலில் போட்டதில் தோல் இன்னும் மெலிந்து, லேசாக இடித்தாலே ரத்தம் கன்றியது. மகனின் தடித்த செதிலுக்குள் மருந்து சரியாக இறங்கவே இல்லை. கொஞ்சம் குறைந்து, நிறுத்தியதும் பழையபடி ஏறியது. படர்தாமரையாக இருந்திருந்தால் இன்னும் மோசம்: மேலே அடங்கியது போல் காட்டி, ஓரம் மறைந்து, உள்ளே பரவியிருக்கும்.

அம்மாவுக்கு வேண்டியது பெரும்பாலும் குளியலறையில் இருக்கிறது. வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான நீர், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளியல். சோப்பு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும், காலுக்கு வேண்டாம். பீர்க்கங்கூடும் தேய்கல்லும் வேண்டவே வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன், மூன்று நிமிடத்துக்குள் வாஸ்லினோ வேறு கெட்டியான ஈரப்பத களிம்போ பூச வேண்டும். காய்ந்த தோலில் பூசுவதைவிட ஈரத்தோலில் பூசுவதுதான் பயன். தேங்காய் எண்ணெயும் உதவும்; ஆனால் அரிப்புக்கென்று வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டால் வெடித்த தோலில் எரிச்சல்தான் கூடும். அழற்சி இருக்கும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும், டாக்டர் சொல்லும் லேசான ஸ்டீராய்டு. இதையெல்லாம் செய்தும் அடங்காவிட்டால் தைராய்டு குறைவா, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை காரணமா, கால் நரம்பு சுருண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மகனுக்கு வரிசை வேறு. முதலில் செதிலைக் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உள்ளே போகாது. சாலிசிலிக் அமிலம் 3 முதல் 6 சதவீதம் கலந்த களிம்பை இரவில் சில நாள் பூசினால் செதில் இளகி, குளிக்கும்போது தானாகக் கழன்று வரும். அதன் பிறகே முக்கிய மருந்து: வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியாலும் வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்த களிம்பு, நாளைக்கு ஒரு முறை, வழக்கமாக நான்கு வாரம். ஒரு எச்சரிக்கை: சாலிசிலிக் அமிலம் கால்சிபோட்ரியாலைச் செயலிழக்கச் செய்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசினால் விலையுயர்ந்த மருந்து வீண்.

எவ்வளவு பூசுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அதற்கு விரல்நுனி அளவு என்றொரு கணக்கு உண்டு. டியூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் இருந்தால், ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கியது ஏறத்தாழ அரை கிராம். அது விரல்களோடு சேர்ந்த இரண்டு கைப்பரப்புக்குப் போதும். நம் மெக்கானிக்குக் கணக்குப் போடுவோம். முட்டி இரண்டும் ஒவ்வொன்றும் ஒரு கையளவு, முழங்கை இரண்டும் சேர்ந்து ஒரு கையளவு. மொத்தம் மூன்று. அதற்கு ஒன்றரை விரல்நுனி, அதாவது நாளைக்கு முக்கால் கிராம். 28 நாளுக்கு 21 கிராம். முன்பு அவர் 15 கிராம் டியூப் ஒன்றை அம்மாவோடு பகிர்ந்துகொண்டு இரண்டு மாதம் ஓட்டினார். மருந்து வேலை செய்யவில்லை என்றார். மருந்து போடவே இல்லை என்பதுதான் உண்மை.

நான்கு வாரம் கழித்து செதிலும் மேடும் போய்விட்டன. ஆனால் அதே இடத்தில் கறுப்பு வட்டம், ஓரிரு இடத்தில் வெளிர் வட்டம். "இன்னும் போகலியே" என்று அவர் மேலும் மேலும் ஸ்டீராய்டு தேய்க்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். நம் நிறத் தோலில் அழற்சி அடங்கிய பிறகு நிற மாற்றம் பல மாதம் தங்கும். அது நோய் அல்ல, தானாக மங்கும். மறுபடியும் விரலைத்தான் கேட்க வேண்டும். தடவினால் மட்டமாக, மேடில்லாமல் இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது, எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் சரி. மேடேறினால்தான் மருந்து. அடங்கிய பிறகு தடிப்பு வழக்கமாக வரும் இடத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் பூசும் முறையை டாக்டர் சிலருக்குச் சொல்வார். வேலை செய்யும்போது முட்டிக்கடியில் மடித்த சாக்கு ஒன்றைப் போட்டுக்கொள்வதும் மருந்தில் சேர்த்திதான்.

காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவம் அழைக்கும் இந்நோய்க்கு வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு, ஊதா நிறம் ஏறும் வரை வெயிலில் வைத்து எடுக்கும் தைலம் தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்குகிறது. அதன் பயனைப் பற்றி நடந்த ஆய்வுகள் சிறியவை. எண்ணெய் செதிலை இளக்குவதும், பூசிக்கொண்டு வெயிலில் நிற்கும்போது சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் டி செல்களை அடக்குவதும் நவீன மருத்துவத்துக்கும் ஏற்புடையவைதான். மருத்துவமனைகளில் 311 நானோமீட்டர் அலைநீளக் கதிரை அளந்து கொடுக்கிறார்கள். அளவில்லாத வெயிலில் தோல் கருகினால் கோப்னர் சொன்னது நடக்கும். எனக்குப் பயம் தைலத்தின் மேல் அல்ல. பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் பொடியும், 'ஒரே ஊசியில் சரியாகும்' என்ற வாக்கும்தான் ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் உடல் முழுவதும் ஒரு வாரத்தில் பளபளவென்று ஆகும். நிறுத்தியதும் சொரியாசிஸ் உடல் முழுக்கச் சிவந்தோ, சீழ்க்கொப்புளமாகவோ திரும்பி வரலாம். காய்ச்சல், நடுக்கத்தோடு அப்படி வந்தால் அன்றைக்கே மருத்துவமனையில் சேர வேண்டும்.

களிம்பு பூசக்கூடிய அளவில், நான்கே இடத்தில் இருக்கும் நோய்க்கு மாத்திரை பொதுவாகத் தேவையில்லை. பரவினால் மெத்தோட்ரெக்ஸேட் கொடுப்பார்கள். அதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். சீட்டைத் தவறாகப் படித்துத் தினமும் சாப்பிட்டதால் உயிரே போயிருக்கிறது. அதனால் எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே எழுதி வைக்கும் டாக்டர்கள் உண்டு.

தோல் அடங்கிவிட்டாலும் மெக்கானிக்கிடம் டாக்டர் மறக்காமல் கேட்ட கேள்வி வேறொன்று: "காலைல எழுந்ததும் விரலை மடக்க எவ்வளவு நேரம் ஆகுது? குதிகால் வலிக்குதா?" சொரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, அதிகபட்சம் மூன்றில் ஒருவருக்கு, மூட்டிலும் அழற்சி வருகிறது. நகத்தில் குழி உள்ளவர்களுக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஒரு விரல் முழுவதும் வீங்கிப்போதல், குதிகாலில் முதல் அடி வைக்கும்போது வலி ஆகியவை அதன் அடையாளங்கள். ஸ்பேனர் பிடிக்கும் வேலையால் வந்த வலி என்றே அவர் நினைத்திருந்தார். அந்த வலி நாள் முழுக்க வேலை செய்த பிறகு கூடும், ஓய்வில் குறையும். இவருக்கோ ஓய்வெடுத்த பிறகு, காலையில்தான் விறைப்பு. இரண்டு பைக்கைப் பிரித்து மாட்டிய பிறகு கை இலகுவாகிவிடுகிறது. டாக்டர் கைக்கும் காலுக்கும் எக்ஸ்ரே எழுதி, மூட்டு மருத்துவரிடம் சீட்டு கொடுத்து அனுப்பினார். மூட்டு ஒரு முறை தேய்ந்து உருமாறினால் தோலைப் போலத் திரும்பி வளராது. அம்மாவிடம் இந்தக் கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. வெந்நீர் அடுப்பை எத்தனை மணிக்குப் பற்றவைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.